"எழுதிக் கொடுத்துட்டுப் போறோம்": ஒரு கையெழுத்தின் நூறு வருடக் கதை

1/
மதுரை பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும், இந்த வாக்கியம் காதில் விழும்: "எழுதிக் குடுத்துட்டு கூட்டிட்டுப் போயிருவோம்ண்ணே." டாக்டர் இருக்கச் சொல்கிறார், வீட்டார் போகணும் என்கிறார்கள். கடைசியில் கேஸ் ஷீட்டில் ஒரு கையெழுத்து விழும், நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது, அதற்கு உண்மையில் என்ன மதிப்பு என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
இதன் முழுப்பெயர் 'டிஸ்சார்ஜ் அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்'. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளி வெளியேறுவது. எங்கள் பேச்சில் 'டாமா', 'லாமா', 'ஏ.எம்.ஏ' என்று பல பெயர். யாரிடமும் சொல்லாமல் கட்டிலைக் காலி செய்துவிட்டுப் போவது இதில் சேராது. அதற்கு 'அப்ஸ்காண்டட்' என்று தனியாக எழுதுவார்கள்.

3/
வழக்கமாக எழுதி வாங்கும் வாசகம் இப்படி இருக்கும்: "என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன். இதனால் எது நடந்தாலும் மருத்துவரோ மருத்துவமனையோ பொறுப்பல்ல." இதில் இரண்டு விஷயம் இருக்கு. 'நான் போகிறேன்' என்பது ஒன்று. 'நீங்கள் பொறுப்பில்லை' என்பது இன்னொன்று. மூன்றாவதாக இருக்க வேண்டிய ஒன்று இல்லை: 'என்னிடம் என்ன சொன்னார்கள், எனக்கு என்ன புரிந்தது.' நூறு வருட வழக்குகளின் கதை, விடுபட்ட அந்த மூன்றாவது வரியைத் தேடிய கதைதான்.

4/
வரலாற்றுக்குள் போகும் முன் ஒரு கேஸை மனதில் வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாருடைய கதையும் இல்லை, நம் பக்கத்து ஊர்களில் நடக்கக்கூடியதை வைத்து நான் அமைத்த மாதிரி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். 38 வயதுக்காரர், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார். இரவு 2 மணிக்குக் கையில் ஏதோ சுருக்கென்று குத்தி விழிக்கிறார். சுவரோரம் பாம்பு ஊர்ந்து போவதைப் பார்க்கிறார். 108-ஐக் கூப்பிட்டு, 4.30-க்கு மதுரையில் அட்மிஷன்.

5/
கையில் வீக்கம் இல்லை, வலி பெரிதாக இல்லை. பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. டியூட்டி டாக்டர் 2 மி.லி. ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார். ரத்தம் உறைந்திருக்கு. விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடும். ஆக, அந்த அளவில் நல்ல செய்தி.

6/
விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்து போட வேண்டும் என்பது நடைமுறை விதி. அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும், அதனால் சும்மா போடக் கூடாது. எனவே இவரை 24 மணி நேரம் கண்காணிப்பில் படுக்க வைக்கிறார்கள். காலை 7.30 மணிக்கு மைத்துனர் வந்து நிற்கிறார். "ஊசியே போடல, சும்மா படுக்கப் போட்டுருக்காங்க. நம்ம ஊர்ல வேர் குடுக்கிறவர்ட்ட காட்டிக்கிருவோம். நான் கையெழுத்துப் போடுறேன், விடுங்க."

7/
இவரை இந்தக் கட்டிலிலேயே விட்டுவிட்டு, 1914-ல் நியூயார்க்குக்குப் போவோம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்காதீங்க. மைத்துனர் கேட்கும் கேள்விக்குப் பதில் அங்கேதான் தொடங்குது.

8/
1908-ல் நியூயார்க் ஹாஸ்பிடலில் ஒரு பெண் வயிற்றுக் கோளாறுக்காகச் சேர்ந்தார். உள்ளே கட்டி இருப்பதாகத் தெரிந்தது. மயக்கம் கொடுத்துச் சோதனை மட்டும் செய்யுங்கள், ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னதாக அவர் தரப்பு. மயக்கத்தில் இருந்தபோதே கட்டியை எடுத்துவிட்டார்கள். பிறகு கையில் அழுகல் ஏற்பட்டு விரல்களை இழந்தார். வழக்குப் போட்டார். ஷ்லோண்டார்ஃப் வழக்கு என்று பெயர்.

9/
1914-ல் நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பின் சாரம் இது: புத்தி தெளிவாக உள்ள வயது வந்த எந்த மனிதருக்கும் தன் உடம்புக்கு என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. இன்று உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் வரி. ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் பெண் வழக்கில் தோற்றார். தரும ஆஸ்பத்திரி என்பதால், டாக்டர்கள் செய்ததற்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று முடிந்தது. உரிமை உண்டு, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பு இல்லை. நம் ஊர் ஏ.எம்.ஏ வாசகத்தின் இரண்டு வரியும் அப்படியே இதில் இருக்கு பாருங்க.

10/
வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தால், போகிறேன் என்று சொல்லும் உரிமையும் அதற்குள் வந்துவிடும். அதனால் உங்கள் உடம்பு பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு டாக்டருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக உங்களைக் கட்டிப்போட முடியாது. ஏ.எம்.ஏ கையெழுத்து என்பது டாக்டர் தரும் அனுமதிச் சீட்டு இல்லை. அனுமதி ஏற்கெனவே உங்களிடம்தான் இருக்கு.

11/
அடுத்தது இரண்டாவது வரி: 'நீங்கள் பொறுப்பில்லை.' 1963-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு டங்க்ல் வழக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, சேரும்போதே நோயாளியிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியது. ஊழியர்கள் கவனக்குறைவாக இருந்தாலும் ஆஸ்பத்திரி மேல் கேஸ் போட மாட்டேன் என்பது அதன் சாரம். பிற்பாடு கவனக்குறைவு நடந்ததாகச் சொல்லி நோயாளி கோர்ட்டுக்குப் போனார்.

12/
அந்தக் காகிதம் செல்லாது என்றது நீதிமன்றம். காரணம் எளிது. நோயோடு வந்து நிற்கிறவருக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. 'கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் சேர்க்க மாட்டேன்' என்றால் அது ஒப்பந்தமே இல்லை, பொதுநலனுக்கு எதிரானது. 1977-ல் பிரிட்டன் இதைச் சட்டமாகவே எழுதியது: கவனக்குறைவால் உயிர் போனாலோ காயம் பட்டாலோ, அதற்கான பொறுப்பை ஒரு தாளை நீட்டிக் கழற்றிவிட முடியாது. நம் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலும் பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று 23-ஆம் பிரிவு இருக்கு.

13/
அதற்காக ஏ.எம்.ஏ கையெழுத்து வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீங்க. டாக்டர் சரியாக வைத்தியம் பார்த்து, ஆபத்தைச் சரியாக விளக்கி, அதன் பிறகும் நீங்கள் போனால், போனதால் வந்த விளைவு உங்கள் முடிவின் விளைவு. ஆனால் போவதற்கு முன் நடந்த தவறை அந்தக் கையெழுத்து அழிக்காது. விளக்கமே சொல்லாமல் வாங்கிய கையெழுத்து, 'இவர் போனார்' என்பதை மட்டும்தான் நிரூபிக்கும். 'தெரிந்து போனார்' என்பதை நிரூபிக்காது.

14/
'தெரிந்து' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் 1980-ல் இன்னொரு கலிஃபோர்னியா வழக்கு பிடித்துக்கொண்டது. ட்ரூமன் எதிர் தாமஸ். ஒரு குடும்ப டாக்டர், இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண்ணை 1963 முதல் 1969 வரை பார்த்துவந்தார். கருப்பை வாய்ப் புற்றைக் கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் சோதனை செய்துகொள்ளச் சொன்னார். அந்தப் பெண் செய்துகொள்ளவில்லை. 1969-ல் வேறொரு டாக்டரிடம் போனபோது புற்று முற்றியிருந்தது. 1970-ல், 30 வயதில் இறந்துபோனார். பிள்ளைகள் சார்பில் வழக்கு வந்தது.

15/
டாக்டரின் பதில் நியாயமாகவே தோணும். "நான் சோதனை செய்யச் சொன்னேன், அவர் செய்யவில்லை. நான் என்ன பண்ண?" நீதிமன்றம் கேட்டது வேறு கேள்வி. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னீர்களா? செய்யச் சொல்வதோடு கடமை முடியவில்லை, மறுத்தால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும் என்றது. ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும்போது மட்டும்தான் விளக்கம் என்றிருந்த காலம் அங்கே மாறியது. மறுப்புக்கும் விளக்கம் வேண்டும்.

16/
இப்போ இந்தியாவுக்கு வருவோம். 1995-ல் உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. முற்றிலும் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் இடங்கள் அதில் வராது. இதன் பிறகு கேஸ் ஷீட் வெறும் வைத்தியக் குறிப்பாக இல்லை, சாட்சியாகவும் ஆனது. என்ன சொன்னோம் என்பதை எழுதி வைக்காவிட்டால், சொன்னோம் என்று பிறகு காட்டுவது கஷ்டம்.

17/
நமக்கு மிக முக்கியமான தீர்ப்பு 2008 ஜனவரியில் வந்தது. சமீரா கோலி வழக்கு. 44 வயதுப் பெண். 1995-ல் டெல்லியில், உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டது. அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அவர் வயது வந்தவர், புத்தி தெளிவானவர், உயிருக்கு அவசரமும் இல்லை. மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும்.

18/
இதே தீர்ப்பில், நோயாளியிடம் டாக்டர் சொல்ல வேண்டியவை நான்கு என்று வரிசைப்படுத்தினார்கள். வைத்தியம் என்ன, எதற்கு, என்ன பலன். வேறு வழி உண்டா. முக்கியமான ஆபத்துகள் என்ன. நான்காவது, வைத்தியத்தை மறுத்தால் என்ன கெடுதல் வரும். அந்த நான்காவதை நன்றாகக் கவனியுங்க. கலிஃபோர்னியாவில் 1980-ல் சொன்னது நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் உட்கார்ந்துவிட்டது. ஏ.எம்.ஏ கையெழுத்துக்கு மேலே எழுதப்பட வேண்டிய குறிப்பின் சட்ட அடிப்படை இதுதான்.

19/
சரி, உசிலம்பட்டிக்காரரிடம் திரும்பி வருவோம். மைத்துனர் கையெழுத்துப் போடத் தயார். நோயாளி நினைவோடு கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இங்கே யார் கையெழுத்துப் போட வேண்டும்? நோயாளிதான். நம் ஊரில் மாமா, மச்சான், பெரியப்பா என்று பொறுப்பான ஒருவர் முன்னால் வந்து நிற்பார், டாக்டரும் அவரிடமே பேசிவிடுவார். அது பாசம், தப்பில்லை. ஆனால் முடிவு அவருடையது இல்லை. அவர் சாட்சியாகக் கையெழுத்துப் போடலாம்.

20/
நோயாளிக்கு முடிவெடுக்கும் நிலை இருக்கா என்று பார்ப்பது அடுத்த படி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கு நல்ல அளவுகோல் இருக்கு. அந்தச் சட்டம் மனநல சிகிச்சைக்கானது என்றாலும் அளவுகோல் எங்களுக்கு எல்லா வார்டிலும் உதவும். சொன்ன தகவல் புரிகிறதா? முடிவின் விளைவை உணர்கிறாரா? பேச்சாலோ சைகையாலோ தன் முடிவைச் சொல்ல முடிகிறதா? கூடவே இன்னொன்றும் அதில் இருக்கு: முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

21/
பாம்புக்கடியில் இதற்கு ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. இரவு, தரையில் தூங்கும்போது, வலி வீக்கம் இல்லாத கடி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கட்டுவிரியன். அதன் விஷம் நரம்பு தசையோடு பேசும் இடத்தைத் தாக்கும். முதலில் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசை ஓயும். அப்போது அவர் கண்ணைத் திறக்க முடியாமல் பிணம் போலக் கிடப்பார், ஆனால் காதில் விழுவது எல்லாம் புரியும். அந்த நிலையில் கையெழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை. ஆக, பேச வேண்டிய நேரம் இமை தொங்குவதற்கு முன்னால், இப்போதுதான்.

22/
அந்த 20 நிமிட ரத்தச் சோதனை பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கட்டுவிரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்காது. அதனால் 'ரத்தம் உறைஞ்சிருச்சு, விஷம் இல்லை' என்று வீட்டார் புரிந்துகொண்டால் அது ஆபத்தான தப்பு. அறிகுறி வர பல மணி நேரம் ஆகலாம். சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று மைத்துனருக்குத் தோன்றுவதுதான் இந்த நோய்க்கான வைத்தியத்தின் முதல் பகுதி. மூச்சு நின்றால் உடனே குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்க ஆள் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் அந்தக் கட்டில். இமை தொங்கத் தொடங்கினால் விஷமுறிவு மருந்து 10 குப்பி அளவில் ஆரம்பிப்பார்கள், அதற்குத் தயாராக ஊசி ஏற்கெனவே நரம்பில் இருக்கும்.

23/
இப்போ இரண்டு குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முதல் குறிப்பு: "ஆபத்துகள் விளக்கப்பட்டன. நோயாளியின் உறவினர் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறார்." அவ்வளவுதான். எந்த ஆபத்து, யாரிடம் சொன்னது, எத்தனை மணிக்கு, என்ன புரிந்தது, எதுவும் இல்லை. இதைக் காய்ச்சலுக்கும் எழுதலாம், மாரடைப்புக்கும் எழுதலாம். எல்லாருக்கும் பொருந்தும் குறிப்பு யாருக்கும் எழுதிய குறிப்பு இல்லை.

24/
இரண்டாவது குறிப்பு இப்படி இருக்கும்:

"காலை 7.40. நோயாளி தெளிவாக இருக்கிறார், இடம், நேரம், ஆள் சரியாகச் சொல்கிறார். இமை தொங்கவில்லை, நன்றாக விழுங்குகிறார். நோயாளியிடம் நேரடியாகத் தமிழில் பேசினேன். மனைவி, மைத்துனர் உடன் இருந்தனர். கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். இப்போது அறிகுறி இல்லை என்றாலும் இனி வரும் மணி நேரங்களில் மூச்சுத் தசை செயலிழந்து வீட்டிலோ வழியிலோ உயிர் போகலாம். ரத்தச் சோதனை சரியாக இருப்பது இதற்கு உத்தரவாதம் இல்லை. நாளை அதிகாலை வரை இங்கே இருப்பதே பாதுகாப்பு என்று சொன்னேன்."

25/
குறிப்பு தொடர்கிறது:

"என்ன புரிந்தது என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். 'கண்ணு சொருகுச்சுன்னா மூச்சு நின்னு செத்துருவேன், இங்கன இருந்தா மிஷின் வச்சுக் காப்பாத்துவீங்கன்னு சொல்றீங்க' என்றார். போக விரும்பும் காரணம்: ஊசி போடவில்லை என்ற எண்ணம், வீட்டில் இரண்டு கறவை மாடு, பிள்ளைகள் தனியாக. மைத்துனர் வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்க்கலாம், மனைவி உடன் இருக்கலாம் என்று மாற்று சொன்னேன். நோயாளியின் முடிவு கீழே."

கீழே நோயாளி கையெழுத்து, அல்லது படித்துக் காட்டிய பின் இடது கட்டைவிரல் ரேகை. சாட்சி கையெழுத்து. டாக்டர் பெயர், நேரம்.

26/
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீளம் இல்லை. இரண்டாவதில் நோயாளியின் சொந்த வார்த்தை இருக்கு. 'புரியுதா?' என்று கேட்டால் நம் ஆள் 'புரியுதுங்க சார்' என்றுதான் சொல்வார், மரியாதைக்கு. 'வீட்டுக்குப் போய் உங்க அம்மாட்ட என்ன சொல்வீங்க?' என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். 'ரத்தம் நல்லாருக்குன்னு டாக்டர் சொன்னாரு' என்று அவர் சொன்னால், இன்னும் விளக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

27/
இன்னொன்று, காரணம் கேட்ட இடம். போகணும் என்று அடம் பிடிக்கிறவரிடம் ஏன் என்று கேட்டால், பயத்தை விட மாடு, கூலி, பிள்ளை, சாப்பாடு, பஸ் செலவு என்றுதான் பதில் வரும். அதில் பாதிக்கு வார்டிலேயே வழி இருக்கும். இந்த மாதிரிக் கதையில் மைத்துனர் மாட்டைப் பார்க்கக் கிளம்பினால் கையெழுத்துக்கே வேலை இல்லாமல் போகலாம். பேச்சை ஒழுங்காக எழுத வேண்டும் என்ற கட்டாயம், பேச்சையே ஒழுங்காக நடத்த வைக்குது. அந்தக் குறிப்பின் பெரிய பயன் கோர்ட்டில் இல்லை, இங்கேதான்.

28/
அப்படியும் போகிறார் என்றால்? கோபத்தில் மருந்தும் தராமல் அனுப்புவது தப்பு. ஏ.எம்.ஏ என்பது உறவை முறிப்பது இல்லை. என்ன சோதனை செய்தோம், விஷமுறிவு மருந்து போடவில்லை, எத்தனை மணிக்குக் கடி என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு கையில் தர வேண்டும். இன்று இரவு வரை தனியாகத் தூங்க விடாதீங்க, வேர், கஷாயம் எதுவும் வாயில் ஊற்றாதீங்க, விழுங்க முடியாவிட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். இமை கனத்தாலோ பேச்சு குழறினாலோ வயிறு வலித்தாலோ உடனே 108. திரும்பி வந்தால் 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று யாரும் திட்டக் கூடாது. அவசர நிலையில் உயிரைக் காப்பது எந்த டாக்டருக்கும் கடமை என்று 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

29/
இந்தக் கையெழுத்து எங்கெல்லாம் தவறாகப் பயன்படுகிறது என்பதையும் தெரிஞ்சுக்கோங்க. படுக்கை இல்லை, வென்டிலேட்டர் இல்லை, வேறு இடத்துக்குப் போங்கள் என்று ஆஸ்பத்திரியே அனுப்பினால், அது ரெஃபரல். அதற்கு ரெஃபரல் சீட்டு வேண்டும். 'நாங்களே விருப்பப்பட்டுப் போகிறோம்' என்று எழுதச் சொன்னால் எழுதாதீங்க. சேரும்போதே வெற்றுத் தாளில் வாங்கும் கையெழுத்தும் அப்படித்தான். நேரம் இல்லாத, எழுத்து நிரப்பப்படாத தாளில் கை வைக்காதீங்க.

30/
கையெழுத்துப் போட்டுப் போனாலும் உங்கள் ரெக்கார்டு உங்களுக்கு உரிமை. 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். பில் பாக்கி என்பதற்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமை சாசனத்தில் இருக்கு. குழந்தை விஷயம் மட்டும் வேறு. சின்னப் பிள்ளை உயிருக்குப் போராடும்போது பெற்றோர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு டாக்டர் ஒதுங்க முடியாது. மேலதிகாரி, தேவைப்பட்டால் போலீஸ் என்று போக வேண்டிய விஷயம் அது.

31/
உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தாளை நீட்டினால், பேனாவை வாங்கும் முன் டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்க. இருந்தால் என்ன செய்வீர்கள்? போனால் குறிப்பாக என்ன ஆகலாம், எத்தனை மணி நேரத்துக்குள்? நடுவில் வேறு வழி இருக்கா? எந்த அறிகுறி வந்தால் திரும்பி வரணும்? பதிலைக் கேட்ட பிறகு, படுத்திருக்கிறவரிடம் திரும்பி, "உனக்கு என்னப்பா புரிஞ்சுச்சு, நீ என்ன சொல்ற?" என்று கேளுங்க. கையெழுத்து அவருடையது.

(இழை முற்றும்)